ஸ்லிப் ரிங் மோட்டாரும் ரோட்டர் மின்தடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜல்லி கிரஷர்களில் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்களும், ஐடிஐ முடித்துப் புதிதாகப் பேனல் வேலைக்கு வந்தவர்களும் ஸ்லிப் ரிங் மோட்டாரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் அனைத்தும் ஒரே மோட்டாரை வைத்துச் செய்யப்பட்டவை. அது ஒரு ஜா கிரஷரை ஓட்டும் 75 கிலோவாட், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 6 போல் மோட்டார். முழுச் சுமையில் நிமிடத்துக்கு 970 சுற்று. நேம்பிளேட்டில் ரோட்டர் 280 வோல்ட், 160 ஆம்பியர் என்று கொள்வோம். உங்கள் மோட்டாரின் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கணக்குப் போடும் வழி இதேதான்.

ஸ்லிப் ரிங் மோட்டாருக்கும் சாதாரண மோட்டாருக்கும் உள்ளே என்ன வித்தியாசம்?

ஸ்டேட்டரில் வித்தியாசம் எதுவும் இல்லை. சாதாரண மோட்டாரின் ரோட்டரில் அலுமினிய அல்லது செம்புக் கம்பிகள் இரு முனையிலும் வளையத்தோடு சேர்த்து மூடப்பட்டிருக்கும். அந்தச் சுற்றுக்குள் வெளியிலிருந்து எதையும் சேர்க்க முடியாது. ஸ்லிப் ரிங் மோட்டாரின் ரோட்டரிலோ ஸ்டேட்டரைப் போலவே மூன்று பேஸ் வைண்டிங் சுற்றப்பட்டு, உள்ளே ஸ்டாராக இணைக்கப்பட்டு, மற்ற மூன்று முனைகள் ஷாஃப்ட்டில் உள்ள மூன்று வளையங்களுக்குக் கொண்டுவரப்பட்டிருக்கும். வளையங்களின் மேல் கார்பன் பிரஷ்கள் அழுத்தி நிற்பதால், சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டரின் மின்சுற்றை வெளியே நிலையாக நிற்கும் மின்தடைப் பெட்டி வரை நீட்ட முடிகிறது.

இந்த வளையங்கள் வழியாக ரோட்டருக்குள் யாரும் மின்சாரம் செலுத்துவதில்லை என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். ரோட்டரில் ஓடும் கரன்ட் ஸ்டேட்டரின் சுழலும் காந்தப்புலத்தால் அங்கேயே தூண்டப்படுவது. அது எந்தப் பாதையில் போய்த் திரும்புகிறது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

நேம்பிளேட்டில் ரோட்டர் வோல்ட், ரோட்டர் ஆம்ப்ஸ் என்று தனியாகப் போட்டிருக்கே, அது எதுக்கு?

ரோட்டர் நின்றுகொண்டிருக்கும்போது, வளையங்களில் எதையும் இணைக்காமல் ஸ்டேட்டருக்கு மட்டும் 415 வோல்ட் கொடுத்தால், இரண்டு வளையங்களுக்கு இடையே கிடைக்கும் மின்னழுத்தம்தான் அந்த 280 வோல்ட். மோட்டார் வேகம் எடுக்க எடுக்க அது குறைந்துகொண்டே வரும். 1000 சுற்றுக்கு 970 என்றால் ஸ்லிப் 3 சதவீதம். அப்போது தூண்டப்படுவது 280-இல் 3 சதவீதமான 8.4 வோல்ட் மட்டுமே. ஓடும் மோட்டாரின் வளையங்களில் ஆபத்து குறைவு என்று பழகிய கை, ஸ்டார்ட் ஆகும் நொடியில் அங்கே 280 வோல்ட் நிற்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த இரண்டு எண்களும் மின்தடைக் கணக்குக்கு அடிப்படை. 280-ஐ 1.732 × 160-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 ஓம் வருகிறது. முழுச் சுமையில் ஸ்லிப் எத்தனை சதவீதமோ, ரோட்டர் வைண்டிங்கின் மின்தடை இந்த 1 ஓமில் அத்தனை சதவீதம் என்று கொள்ளலாம். ஆகவே நம் மோட்டாரில் ஒரு பேஸுக்கு 0.03 ஓம். வைண்டிங்கின் ரியாக்டன்ஸ், மோட்டார் நிற்கும்போது, 0.21 ஓம் என்று எடுத்துக்கொள்கிறேன். முழுச் சுமை முறுக்குவிசையைப் போல 2.5 மடங்கை உச்சமாகத் தரக்கூடிய மோட்டாருக்கு ஏறத்தாழ அந்த அளவுதான் வரும்.

ரெசிஸ்டன்ஸ் போட்டா கரன்ட் குறையத்தானே செய்யும்? அப்புறம் இழுவை எப்படிக் கூடும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. முறுக்குவிசை கரன்ட்டின் அளவை மட்டும் சார்ந்ததன்று. அந்தக் கரன்ட் ரோட்டரில் தூண்டப்படும் மின்னழுத்தத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும் சார்ந்தது. மோட்டார் நிற்கும்போது ரோட்டரில் தூண்டப்படுவது முழு 50 ஹெர்ட்ஸ். அப்போது 0.03 ஓம் மின்தடைக்கு எதிரே 0.21 ஓம் ரியாக்டன்ஸ் நிற்பதால், கரன்ட் மின்னழுத்தத்தைவிட ஏறத்தாழ 82 டிகிரி பின்தங்கிவிடுகிறது. வளையங்களை நேராக ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்தால் ரோட்டரில் சுமார் 760 ஆம்பியர் ஓடும், அதாவது முழுச் சுமைக் கரன்ட்டைப் போல ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவாக. ஆனால் அதில் இழுவைக்குப் பயன்படும் பங்கு நூற்றுப் பத்து ஆம்பியர்கூட இல்லை. முறுக்குவிசையும் முழுச் சுமை அளவில் 0.7 பங்குதான் கிடைக்கும்.

இப்போது ஒவ்வொரு பேஸிலும் வெளியே 0.39 ஓம் சேர்த்து, மொத்தத்தை 0.42 ஓம் ஆக்குவோம். கரன்ட் சுமார் 345 ஆம்பியராக, பாதிக்கும் கீழே, இறங்குகிறது. ஆனால் பின்தங்கும் கோணம் 27 டிகிரிக்குக் குறைந்துவிடுவதால் அதில் ஏறத்தாழ 310 ஆம்பியர் இழுவைக்கு உதவுகிறது. முறுக்குவிசை முழுச் சுமை அளவைப் போல இரு மடங்காகிறது. லைனிலிருந்து எடுக்கும் கரன்ட் பாதிக்கும் கீழே போயும் இழுவை ஏறத்தாழ மூன்று மடங்காகக் கூடியதற்கு வேறு மாயம் எதுவும் இல்லை.

அப்படின்னா ரெசிஸ்டன்ஸைக் கூட்டிக்கிட்டே போகலாமா?

கூடாது. மொத்த மின்தடை ரியாக்டன்ஸுக்குச் சமமாக, அதாவது 0.21 ஓமாக இருக்கும்போது, ஸ்டார்ட்டிங்கிலேயே மோட்டாரின் உச்ச முறுக்குவிசையான 2.5 மடங்கு கிடைத்துவிடும். அதற்கு மேல் சேர்க்கச் சேர்க்க இழுவை குறையத்தான் செய்யும். 0.42 ஓமில் 2 மடங்கு, 1 ஓமில் சரியாக ஒரு மடங்கு, 2 ஓமில் பாதி. மின்தடைப் பெட்டியில் உள்ள கிரிட் துண்டு ஒன்று உடைந்ததற்குப் பதிலாகக் கையில் கிடைத்த அதிக ஓம் துண்டைப் போட்டுவிட்டு, மோட்டார் வீக் ஆகிவிட்டது என்று ரீவைண்டிங்குக்கு அனுப்புவது இந்த வரிசையை அறியாததால் நடப்பது.

உச்சமே 0.21 ஓமில் கிடைக்கும்போது 0.42 ஏன் என்று கேட்பார்கள். 0.21 ஓமில் ரோட்டர் கரன்ட் 540 ஆம்பியரைத் தாண்டும். அதாவது கால் பங்கு கூடுதல் இழுவைக்காக ஒன்றரை மடங்குக்கு மேல் கரன்ட். கிராமப்புற லைனின் கடைசியில் உள்ள கிரஷருக்கு அந்தப் பேரம் கட்டாது. இன்னொன்று, மின்தடை எவ்வளவு சேர்த்தாலும் உச்ச முறுக்குவிசையின் அளவு மாறுவதில்லை. அது எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பது மட்டுமே மாறுகிறது.

கரன்ட் குறையணும்னா ஸ்டார் டெல்டா போட்டாலே போதாதா?

ஸ்டார் டெல்டா கரன்ட்டைக் குறைப்பது ஸ்டேட்டரின் மின்னழுத்தத்தைக் குறைத்து. முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப விழுவதால், மேலே சொன்ன 0.7 பங்கு மூன்றில் ஒன்றாகி, 0.23-இல் போய் நிற்கும். தண்ணீர் பம்ப்புக்கு அது போதும். இரண்டு பக்கமும் கனமான ஃபிளைவீல் தொங்கும் ஜா கிரஷர் அதில் வேகம் பிடிப்பதற்குள் மோட்டார் வெந்துவிடும்.

மூணு கான்டாக்டர் எதுக்கு? ஒண்ணே போட்டு மொத்த ரெசிஸ்டன்ஸையும் ஒரேயடியா ஷார்ட் பண்ணினா என்ன?

0.42 ஓமோடு கிளம்பிய மோட்டார் 585 சுற்றுக்கு அருகில் வரும்போது முறுக்குவிசை ஒரு மடங்குக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் மொத்த மின்தடையையும் நீக்கினால், கரன்ட் மறுபடியும் எழுநூறு ஆம்பியர் பக்கம் எகிறும், இழுவையோ கரன்ட்டுக்கு ஏற்ற அளவில் கூடாது. அதனால்தான் படிப்படியாக இறக்குகிறோம். ஒவ்வொரு படியிலும் மொத்த மின்தடையை ஒரே விகிதத்தில் குறைப்பது வழக்கம். நம் மோட்டாரில் அந்த விகிதம் 2.4, மொத்தம் 0.42, பிறகு 0.17, பிறகு 0.07, கடைசியில் வைண்டிங்கின் 0.03 மட்டும். முதல் கான்டாக்டர் 585 சுற்றிலும், இரண்டாவது 830-இலும், மூன்றாவது 930-இலும் விழுந்தால், ஒவ்வொரு முறையும் கரன்ட் 345 ஆம்பியருக்குத்தான் ஏறும்; முறுக்குவிசை ஒரு மடங்குக்கும் இரு மடங்குக்கும் இடையிலேயே இருக்கும்.

டைமர் வைப்பதில் பெரும்பாலோர் செய்வது மூன்றையும் ஒரே அளவில் வைப்பது. வேகம் ஏறும் கணக்கு அப்படி இல்லை. காலியான கிரஷர் ஆறு வினாடியில் முழு வேகம் பிடிக்கிறது என்றால், முதல் கட்டத்துக்கு மட்டும் மூன்று வினாடிக்கு மேல் தேவை; இரண்டாவதற்கு ஒன்றரை, மூன்றாவதற்கு அரை வினாடியே அதிகம். முதல் கான்டாக்டர் அவசரப்பட்டு 300 சுற்றிலேயே விழுந்தால் கரன்ட் 345-க்குப் பதில் 500 ஆம்பியருக்குத் தாவும். எனவே கடிகாரத்தைப் பார்த்து வைப்பதைவிட அம்மீட்டரைப் பார்த்து வையுங்கள். முள் இறங்கி ஏறத்தாழ நிலைக்கும் இடம்தான் அடுத்த கான்டாக்டர் விழ வேண்டிய இடம்.

ஸ்டார்ட் பண்ணும்போது கிரிட் இவ்வளவு சூடாகுதே, கரன்ட் வீணாகலையா?

வீணாகிறது, ஆனால் அது எந்த மோட்டாரை நேராக லைனில் ஸ்டார்ட் செய்தாலும் வீணாகும் அளவுதான். நின்றிருக்கும் பளுவை வேகத்துக்குக் கொண்டுவரும்போது, அந்தப் பளுவில் சேரும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, ஏறத்தாழ அதே அளவு வெப்பம் ரோட்டர் சுற்றில் தோன்றியே தீரும். ரோட்டர் மின்தடை கூடுதலா குறைவா என்பது இந்தக் கணக்கை மாற்றாது. ஃபிளைவீலையும் ரோட்டரையும் சேர்த்து, மோட்டார் ஷாஃப்ட்டுக்கு மாற்றிய நிலைமத் திருப்புத்திறன் 50 கிலோகிராம் சதுர மீட்டர் என்று கொண்டால், ஒரு ஸ்டார்ட்டுக்குச் சுமார் 260 கிலோஜூல் வருகிறது. உராய்வுக்கானது தனி.

சாதாரண மோட்டாரில் இந்த 260 கிலோஜூலும் ரோட்டர் கம்பிகளுக்குள்ளேயே இறங்க வேண்டும். நம் மோட்டாரிலோ, வெப்பம் மின்தடையின் விகிதப்படி பங்கு பிரிகிறது. முதல் கட்டத்தில்தான் மொத்த வெப்பத்தில் 83 சதவீதம் தோன்றுகிறது, அப்போது வைண்டிங்கின் பங்கு 0.42-இல் 0.03 மட்டுமே. மூன்று கட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்கு வெப்பம் வெளியே கிரிட்டில் போய்விடுகிறது, மோட்டாருக்குள் தங்குவது ஒரு பங்குதான். ஸ்லிப் ரிங் மோட்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு ஈடாகக் கிடைப்பதில் இழுவையைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கிரிட் சூடாவது கோளாறு அல்ல. அதன் வேலையே அதுதான். ஆனால் அது ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மின்வெட்டு வந்து வந்து போகும் நாளில் அடுத்தடுத்து நான்கைந்து முறை ஸ்டார்ட் செய்தால், முன் சூடு இறங்குவதற்குள் அடுத்தது ஏறி, கிரிட் துண்டுகள் சிவந்து வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கடைசி கான்டாக்டர் விழலைன்னாலும் மோட்டார் ஓடத்தான் செய்யுது. அப்படியே ஓட்டலாமா?

காலியாக ஓடும்போது வித்தியாசம் தெரியாது, அதனால்தான் இது கண்ணில் படாமல் போகிறது. ஒரே முறுக்குவிசைக்கு ஸ்லிப் மொத்த மின்தடைக்கு ஏற்பக் கூடும். ஒரு கான்டாக்டரும் விழாமல் 0.42 ஓம் முழுவதும் இருந்தால், முழுச் சுமையில் ஸ்லிப் 42 சதவீதமாகி மோட்டார் 580 சுற்றில் ஓடும். ஸ்டேட்டரிலிருந்து ரோட்டருக்கு வரும் சுமார் 77 கிலோவாட்டில் 32 கிலோவாட் வெப்பமாகப் போகும். சில வினாடிகளுக்கென்று செய்யப்பட்ட கிரிட் அதைத் தாங்காது. கடைசி ஒன்று மட்டும் விழாவிட்டால் ஸ்லிப் 7 சதவீதம். கல் விழும்போது வேகம் 930-க்கு இறங்குவதையும், பேனல் அறையில் சூட்டு வாடையையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இதையே வேகக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தலாமே என்பது அடுத்து வரும் கேள்வி. கிரேன்களில் தொடர்ந்து சூடு தாங்கும் மின்தடையைப் போட்டு அப்படித்தான் செய்தார்கள். கிரஷருக்கு அது பொருந்தாது, ஏனென்றால் சுமை மாறும்போதெல்லாம் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆன் பண்ணினதும் பெரிசா உறுமுது, ஆனா நகர மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது.

ஏதாவது ஒரு ரோட்டர் கான்டாக்டர், பெரும்பாலும் கடைசி ஒன்று, வெல்ட் ஆகி மூடியபடியே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் மோட்டார் வெளி மின்தடை இல்லாமல் கிளம்புகிறது. 760 ஆம்பியரும் 0.7 மடங்கு இழுவையும் என்று முன்பு பார்த்த நிலை. ரோட்டர் கான்டாக்டர்கள் எல்லாம் திறந்திருந்தால்தான் ஸ்டேட்டர் கான்டாக்டர் விழ வேண்டும் என்ற இன்டர்லாக், அவற்றின் துணைக் கான்டாக்ட் வழியாக ஒயரிங்கில் இருக்க வேண்டும். தொல்லை தருகிறது என்று அதை ஷார்ட் செய்து வைத்திருக்கும் பேனல்கள் குறைவில்லை.

உறுமலே இல்லாமல், கரன்ட்டும் குறைவாக எடுத்துக்கொண்டு, மோட்டார் சும்மா நின்றால் அது வேறு. ரோட்டர் சுற்று முற்றிலும் திறந்திருக்கிறது என்று பொருள். வளையங்களில் 280 வோல்ட் நிற்கும், கை வைக்காதீர்கள்.

பாதி வேகத்துக்கு வந்து அப்படியே நின்னுடுது. ஏன்?

ரோட்டரின் மூன்று பேஸில் ஒன்று அறுந்திருக்கிறது. பிரஷ் ஹோல்டரில் கார்பன் தூள் அடைத்து பிரஷ் வளையத்தைத் தொடாமல் நிற்கும், அல்லது கிரிட்டில் ஒரு துண்டு விரிந்திருக்கும், அல்லது கேபிள் லக் எரிந்திருக்கும். மூன்றும் சமமாக இல்லாத ரோட்டர் கரன்ட் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு புலத்தையும் உண்டாக்குகிறது. பாதி வேகத்துக்குக் கீழே அது மோட்டாருக்கு உதவுகிறது. பாதியைத் தாண்டியதும் பிரேக் போல இழுக்கிறது. அதனால் மோட்டார் 500 சுற்றை ஒட்டி மாட்டிக்கொள்கிறது. இதைக் கண்டு எழுதிய ஜெர்மானியப் பொறியாளர் ஹான்ஸ் கோர்கெஸின் பெயரால்தான் நூல்களில் இது வழங்குகிறது.

ரோட்டர் கான்டாக்டர் ஒன்றும் விழாதபோது வரும் 580 சுற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே கல் போடுவதை நிறுத்தினால் வேகம் ஆயிரத்தை நோக்கி ஏறிவிடும், அம்மீட்டர் முள்ளும் நிதானமாக இருக்கும். இங்கே சுமையைக் குறைத்தாலும் பெரிதாக ஏறாது, முள் ஆடிக்கொண்டே இருக்கும். சோதிக்க, மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, பிரஷ் பக்கம் கேபிள்களைக் கழற்றி, கிரிட்டை நோக்கிப் போகும் மூன்று கேபிள்களையும் இரண்டிரண்டாக அளவிடுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் 0.39-இன் இரட்டிப்பான 0.78 ஓம் வர வேண்டும். வளையங்களுக்கு இடையே 0.06 ஓம்; இதைச் சாதாரண மல்டிமீட்டர் நம்பும்படி காட்டாது, அறுந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும்.

ரோட்டர் ஒயர் ரெண்டை மாத்தினா ரிவர்ஸ் சுத்துமா?

சுற்றாது. திசையைத் தீர்மானிப்பது ஸ்டேட்டரின் பேஸ் வரிசை. ரோட்டர் கேபிள் மூன்றையும் எப்படி மாற்றி இணைத்தாலும் ஒன்றுதான்.

கிளாம்ப் மீட்டர்ல ரோட்டர் கரன்ட் ரொம்பக் கம்மியா காட்டுதே, பிரஷ் தொடலையோ?

முழு வேகத்தில் ரோட்டர் கரன்ட்டின் அதிர்வெண் 50-இல் 3 சதவீதம், அதாவது 1.5 ஹெர்ட்ஸ். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குள் இருப்பது சிறிய கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்; அவ்வளவு குறைந்த அதிர்வெண்ணை அது உணராது. 160 ஆம்பியர் ஓடும்போதே ஏதோ ஒரு சிறிய எண் குதித்துக்கொண்டிருக்கும். டிசியும் அளக்கக்கூடிய கிளாம்ப்பை டிசி நிலையில் வைத்தால், எண் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் மாறிமாறி மெதுவாகப் போய்வருவதைக் காணலாம். மூன்று கேபிளிலும் ஏறத்தாழ ஒரே உச்சம் வந்தால் பிரஷ்கள் சரியாகத் தொடுகின்றன.

கல் நிறைஞ்சிருக்கும்போதே கரன்ட் போயிடுச்சு. ரெசிஸ்டன்ஸ் இருக்கே, அப்படியே ஸ்டார்ட் பண்ணலாமா?

வேண்டாம். 0.42 ஓமில் கிடைப்பது இரு மடங்கு, எந்த மின்தடையிலும் கிடைக்கக்கூடியது 2.5 மடங்கு, அதற்கு மேல் கிடையாது. ஓடும் கிரஷர் கல்லை உடைப்பது ஃபிளைவீலில் சேர்த்து வைத்த ஆற்றலாலும்தான். நிற்கும்போது அந்த உதவி இல்லை. தாடைகளுக்கு நடுவே இறுகிய கல்லை மோட்டார் தனியாக நகர்த்தப் பார்த்துத் தோற்றால், ஸ்லிப் நூறு சதவீதத்திலேயே நின்று, ரோட்டர் சுற்றில் வினாடிக்கு 150 கிலோஜூல் வெப்பம் இறங்கும். மேலே சொன்ன ஒரு முழு ஸ்டார்ட்டின் வெப்பம் இரண்டே வினாடியில் வந்துவிடும். ஒரே இடத்தில் நிற்கும் வளையத்தின் மேல் பிரஷ் எரிந்து அடையாளம் பதியும், பிறகு ஓடும்போது அந்த இடத்தில் பொறி பறக்கும். மெயினை அணைத்துப் பூட்டி, கல்லை எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பேனலைத் தூசி இல்லாத ரூமுக்கு மாத்தினோம், 40 மீட்டர் தள்ளி. அதிலிருந்து வேகம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு. மனப்பிரமையா?

பிரமை அல்ல. கடைசி கான்டாக்டர் பேனலில் ஷார்ட் செய்தாலும், அங்கே வரை போய் வரும் கேபிள் ரோட்டர் சுற்றுக்குள்ளேயே இருக்கிறது. 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.27 ஓம், 40 மீட்டரில் பேஸுக்கு 0.011 ஓம். 415 வோல்ட் சப்ளைக் கேபிளில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 0.03 ஓம் வைண்டிங்குக்கு முன் இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். முழுச் சுமை ஸ்லிப் 3-இலிருந்து 4.1 சதவீதமாகி, 970 சுற்று 959 ஆகிறது. கேபிளில் மட்டும் முழுச் சுமையில் 0.8 கிலோவாட் வெப்பம். எட்டு மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு ஆறு யூனிட்டுக்கு மேல்.

கிரிட்டும் முதல் இரண்டு கான்டாக்டரும் தூரத்தில் இருப்பதால் கெடுதல் இல்லை. கடைசி ஷார்ட்டிங் கான்டாக்டரை மட்டும் தூசி புகாத பெட்டியில் வைத்து மோட்டாருக்கு அருகே கொண்டுவாருங்கள். இடம் இல்லையென்றால், ஒவ்வொரு பேஸுக்கும் இன்னொரு கேபிளை இணையாக இழுத்தால் இந்த இழப்பு பாதியாகும்.